மெஷின் 102.9 சதவீதம் ஓடியதாக ரிப்போர்ட் சொன்னால் எதைச் சந்தேகப்படுவது?

கேள்வி: ஐயா, ஓசூரில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. முந்தைய நாள் புரொடக்‌ஷன் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, காலை ஒன்பதரைக்குள் ஜிஎம்முக்கு அனுப்புவது என் வேலை. சூப்பர்வைசர் தரும் எண்களை எக்ஸெல்லில் போட்டால் ரிஜெக்‌ஷன், ஈல்டு, ஓஇஇ எல்லாம் தானாக வந்துவிடுகின்றன. போன வாரம் டப்பா மூடி ஓடும் மெஷினுக்கு பெர்ஃபார்மன்ஸ் 102.9 என்று வந்தது. "இதை நம்பச் சொல்றீங்களா?" என்று ஜிஎம் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. ஃபார்முலாவில் தப்பில்லை, நாலு தடவை பார்த்துவிட்டேன். அந்த ஷிப்ட் ரிப்போர்ட், மெஷின் திரையின் படங்கள், கிரைண்டிங் ரிஜிஸ்டர், ஸ்டோர்ஸ் சீட்டு எல்லாம் இணைத்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன் எதை, எப்படிச் சரிபார்க்க வேண்டும்?
— உற்பத்திப் பொறியாளர், ஓசூர்

பதில்:

நீங்கள் ரிப்போர்ட்டோடு மற்ற மூன்றையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. ரிப்போர்ட் மட்டும் வந்திருந்தால் என்னாலும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. சதவீதத்தைப் பார்த்துச் சதவீதத்தைச் சரிபார்க்க முடியாது; அது எந்த எண்ணிக்கையிலிருந்து வந்ததோ அங்கே இறங்கிப் போனால்தான் உண்டு. மோல்டிங்கில் அப்படி நான்கு எண்ணிக்கைகள் இருக்கின்றன: மெஷின் ஒவ்வொரு முறையும் மோல்டை மூடித் திறந்து போட்ட ஷாட், கையில் வந்த பீஸ், செலவான மெட்டீரியலின் கிலோ, ஓடிய நிமிடம். ஷாட்டை மெஷின் எண்ணுகிறது, பீஸை ஆபரேட்டர் எண்ணுகிறார், கிலோவை கிரைண்டிங் ஆளும் ஸ்டோர்ஸும் எழுதுகிறார்கள், நிமிடத்தை சூப்பர்வைசர் எழுதுகிறார். நான்கு பேர் தனித்தனியாகக் குறித்த எண்கள் என்பதால் ஒன்று தப்பாக இருந்தால் மற்ற மூன்றும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் எக்ஸெல்லில் பீஸும் நிமிடமும் மட்டும்தான் இருக்கின்றன, அதனால்தான் மாட்டிக்கொண்டீர்கள்.

மற்ற வாசகர்களுக்காக அந்த ஷிப்ட்டின் எண்களைச் சொல்லிவிடுகிறேன். ஷிப்ட் 480 நிமிடம், உணவு, டீ இடைவேளை 30 போக 450. மெஷின் நின்றது 30 நிமிடம், ஓடியது 420. நான்கு கேவிட்டி மோல்டு, அதாவது ஒரு ஷாட்டுக்கு நான்கு மூடி, ஒரு ஷாட்டுக்கான சைக்கிள் டைம் 24 விநாடி. மொத்த உற்பத்தி 4,320 மூடி, அதில் ரிஜெக்‌ஷன் 108, நல்லது 4,212. ரிஜெக்‌ஷன் 2.5 சதவீதம், ஈல்டு 97.5, ஓடிய 420-ஐ 450-ஆல் வகுத்த அவைலபிலிட்டி 93.3, ஓடிய நேரத்தில் வர வேண்டியதற்கு எவ்வளவு வந்தது என்ற பெர்ஃபார்மன்ஸ் 102.9, ஈல்டோடு இந்த இரண்டையும் பெருக்கினால் மெஷினின் மொத்தத் திறனைக் காட்டும் ஓஇஇ 93.6.

முதலில் 102.9 என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 4,320 மூடி என்றால் நான்கால் வகுத்து 1,080 ஷாட். ஒரு ஷாட்டுக்கு 24 விநாடி என்றால் 432 நிமிட வேலை. ஆனால் மெஷின் ஓடியதே 420 நிமிடம்தான் என்கிறது அதே ரிப்போர்ட். 420 நிமிடத்தில் 432 நிமிட வேலை நடக்காது. ஆக பீஸ் கணக்கு, ஓடிய நேரம், சைக்கிள் டைம் இந்த மூன்றில் ஒன்றாவது தப்பு, ஒன்றுக்கு மேலும் இருக்கலாம். ஜிஎம் கேட்டதும் நியாயம்தான். இந்த இடத்தில் பல கம்பெனிகளில் ஒரு காரியம் செய்வார்கள்: 100-க்கு மேல் போனால் 100 என்றே காட்டும்படி எக்ஸெல்லில் ஒரு MIN போட்டுவிடுவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே ஏதோ சரியில்லை என்று இந்த ரிப்போர்ட் தானாக முன்வந்து சொன்னது அந்த ஒரு எண்ணில்தான்.

இப்போது ஷாட் கணக்குக்கு வருவோம். ஷிப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் எடுத்த கவுண்டர் படங்களில் வித்தியாசம் 1,060. நான்கால் பெருக்கினால் 4,240 மூடி. ரிப்போர்ட்டில் 4,320. மெஷின் போடாத 80 மூடி ரிப்போர்ட்டில் இருக்கிறது.

கவுண்டரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது, இதையும் சொல்லிவிட வேண்டும். ஷிப்ட் நடுவில் ஒரு கேவிட்டியை அடைத்துவிட்டு மூன்றில் ஓட்டியிருந்தால் அதற்கு மேல் ஷாட்டை மூன்றால்தான் பெருக்க வேண்டும். மெட்டீரியல் இல்லாமல் மோல்டை மட்டும் திறந்து மூடிப் பார்க்கும் டிரை சைக்கிளையும் சில மெஷின்கள் ஷாட்டாக எண்ணிவிடும். மோல்டு மாற்றும்போது யாராவது கவுண்டரை ரீசெட் செய்திருக்கலாம். ஆனால் கவனியுங்கள், கேவிட்டி அடைப்பும் டிரை சைக்கிளும் கவுண்டர் கணக்கைத்தான் கூட்டிக் காட்டும், அதாவது உண்மையில் வந்த மூடி 4,240-க்கும் குறைவாகத்தான் இருக்கும். உங்கள் வழக்கு தலைகீழ், ரிப்போர்ட்தான் அதிகம். ரீசெட் நடந்திருந்தால் கவுண்டர் குறையும், ஆனால் இரண்டு படத்துக்கும் நடுவில் எண் தொடர்ச்சியாக ஏறியிருப்பது உங்கள் மணிவாரிப் படத்தில் தெரிகிறது. எனவே கவுண்டரை ஏற்றுக்கொள்ளலாம்.

80 தானே, ரெண்டு சதவீதம்கூட இல்லை, எண்ணும்போது தவறியிருக்கும் என்று இங்கேயே நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தாதீர்கள். 80 என்பது மிச்சம் மட்டும். ஒரு பக்கம் கூடுதலும் மறுபக்கம் குறைவும் ஒன்றையொன்று தின்றபிறகு மிஞ்சியது 80 என்றால், உள்ளே இருக்கும் தப்பு அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கலாம். இங்கே அப்படித்தான் இருக்கிறது.

ஸ்டோர்ஸ் சீட்டை எடுங்கள். நல்ல மூடி 4,212 வந்ததாகக் கூட்டல் இருக்கிறது, ஆனால் அது இரண்டு வரியில் வந்திருக்கிறது. 3,972 மூடி அன்றைய பேட்ச் எண்ணில், 240 மூடி முந்தைய நாள் பேட்ச் எண்ணில். இரண்டாவது வரிக்குப் பக்கத்தில் 'ஹோல்டு கிளியர்' என்று சின்னதாக எழுதியிருக்கிறார்கள். முந்தைய நாள் விளிம்பில் பிளாஸ்டிக் மெல்லிசாகப் பிதுங்கி, பிளாஷ் வந்து ஓரமாக நிறுத்திவைத்த மூடிகளை இன்று கத்தியால் சீவிச் சுத்தம் செய்து ஸ்டோர்ஸுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியதில் தப்பில்லை. அதை இன்றைய உற்பத்தியில் சேர்த்ததுதான் தப்பு. அந்த 240 மூடியும் இன்றைய 1,060 ஷாட்டில் வந்தவை அல்ல.

அதைக் கழித்தால் இன்று வந்த நல்ல மூடி 3,972. மெஷின் போட்டது 4,240. மீதி 268 எங்கே? ரிப்போர்ட்டில் ரிஜெக்‌ஷன் 108 மட்டும் இருக்கிறது. 160 மூடியைக் காணோம்.

இதற்குப் பதில் கிரைண்டிங் ரிஜிஸ்டரில் இருக்கிறது. நான் சொன்ன நான்கில் ஆட்கள் குறைவாகப் பார்ப்பது கிலோவைத்தான், ஆனால் எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். தராசுக்கு டார்கெட் கிடையாது. உங்கள் மூடி ஒன்று 18 கிராம், நான்கும் 72, பிளாஸ்டிக் மூடிகளுக்குப் போகும் வழியில் உறைந்து வரும் ரன்னர் 8, மொத்தம் ஷாட்டுக்கு 80 கிராம். இப்போது இரண்டு கணக்கு போடுவோம். ரிப்போர்ட் உண்மையானால் 1,080 ஷாட்டின் ரன்னர் 8.6 கிலோ, ரிஜெக்ட் மூடி 108 சேர்ந்து 1.9 கிலோ, ஆக கிரைண்டருக்கு சுமார் 10.6 கிலோ போயிருக்க வேண்டும். நான் சொல்வது உண்மையானால் 1,060 ஷாட்டின் ரன்னர் 8.5 கிலோ, 268 மூடி 4.8 கிலோ, மொத்தம் 13.3. ரிஜிஸ்டரில் அந்த ஷிப்ட்டுக்கு எழுதியிருப்பது 13.2 கிலோ. தூசியும் சிதறலும் போக இவ்வளவு பொருந்துவதே அதிகம். பேரலைச் சுத்தம் செய்யும்போது தள்ளிய பர்ஜிங் லம்ப்ஸை உங்கள் ஆட்கள் தனியாக எடை போட்டு எழுதியிருப்பதால் அது இதில் கலக்கவில்லை. கலந்து எழுதும் இடங்களில் இந்தக் கணக்கு வேலைக்கு ஆகாது, முதலில் அதைப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

அந்த 160 மூடி ஸ்டார்ட்-அப் ஷாட்டாகத்தான் இருக்கும். நான்கால் வகுத்தால் 40 ஷாட். காலையில் பேரல் சூடேறி மோல்டு வெப்பநிலை நிலைக்கு வரும்வரை வரும் மூடிகள் ஷார்ட்டாகவோ சுருங்கியோ இருக்கும், ஆபரேட்டர் அவற்றை மேஜைக்கே கொண்டுவராமல் நேராகக் கோணியில் போடுவார், கோணி கிரைண்டருக்குப் போய்விடும். மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்புத் தொட்டியில் விழுவதைத்தான் ரிஜெக்‌ஷன் என்று எண்ணுகிறார்கள். யாரும் மறைக்கவில்லை, அந்த மூடிகளை எழுத ஃபார்மில் ஒரு கட்டமே இல்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: அந்த மூடிகள் ரிஜெக்‌ஷனிலும் வரவில்லை, அவை ஓடிய கால்மணி நேரம் டவுன்டைமிலும் வரவில்லை. ஸ்டார்ட்-அப்பை நிறுத்த நேரமாகக் கணக்கிட்டு மூடியை விட்டுவிடும் கம்பெனிகளும் உண்டு, ஓடிய நேரமாக வைத்து மூடியை ரிஜெக்‌ஷனில் சேர்க்கும் கம்பெனிகளும் உண்டு. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். இரண்டிலும் விட்டுவிட்டால் அந்த இழப்பு ரிப்போர்ட்டில் எங்குமே தெரியாது.

இப்போது உண்மையான ரிஜெக்‌ஷன்: 4,240-க்கு 268, அதாவது 6.3 சதவீதம். ரிப்போர்ட் 2.5 என்றது. ஈல்டு 97.5 அல்ல, 93.7.

ஈல்டு பற்றி இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரிப்போர்ட்டின் குறிப்புக் கட்டத்தில் '120 டிரிம்' என்று இருக்கிறது, அதாவது இன்று வந்த நல்ல மூடியிலேயே 120-ஐ மேஜையில் சீவிச் சரிசெய்த பிறகுதான் பாஸ் செய்திருக்கிறார்கள். மெஷினிலிருந்து விழுந்தபடியே நன்றாக இருந்தது 3,852 மட்டும், 90.8 சதவீதம். இதை முதல் முயற்சி ஈல்டு என்று தனியாகக் காட்ட வேண்டும். இரண்டு எண்ணும் சரிதான், வேறு வேறு கேள்விக்கான பதில்கள். வாடிக்கையாளருக்கு எத்தனை அனுப்ப முடியும் என்பதற்கு 93.7. மோல்டும் செட்டிங்கும் எப்படி இருக்கின்றன என்பதற்கு 90.8. மோல்டு பார்ட்டிங் லைன் தேய்ந்து பிளாஷ் அதிகமாகிக்கொண்டே போகும்போது முதல் எண் அசையாமல் இருக்கும், ஏனென்றால் சீவிச் சீவி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். டூல் ரூமுக்கு எப்போது சொல்ல வேண்டும் என்பதை இரண்டாவது எண்தான் காட்டும்.

ஈல்டு என்ற சொல்லை உங்கள் ஸ்டோர்ஸ் மெட்டீரியல் கணக்கிலும் பயன்படுத்துவார்கள், கொடுத்த கிலோவுக்கு எத்தனை கிலோ நல்ல மூடி வந்தது என்று. அதில் ரன்னரும் கழியும் என்பதால் எண் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டால் மீட்டிங்கில் அரைமணி நேரம் வீணாகும்.

அடுத்தது நேரம். பீஸ் கணக்கைத் திருத்திய பிறகும் பாருங்கள்: 1,060 ஷாட், 24 விநாடி, 424 நிமிடம். இன்னும் 420-ஐத் தாண்டுகிறது. பீஸ் பிழை ஒன்று மட்டும் இல்லை என்று அர்த்தம்.

முதலில் இடைவேளையில் மாற்று ஆள் நின்று மெஷினை ஓட்டினாரா என்று பார்த்தேன், 100-க்கு மேல் போவதற்கு ரொம்பச் சாதாரணமான காரணம் அதுதான்; ரிப்போர்ட்டில் 30 நிமிடத்தைக் கழித்துவிடுவார்கள், மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் மணிவாரிப் படத்தில் இடைவேளை நேரங்களில் ஷாட் ஏறவில்லை. ஆக அது இல்லை.

சைக்கிள் டைமைப் பாருங்கள். திரையில் கடைசி சைக்கிள் 22.0 விநாடி, கூலிங் 10 விநாடி என்று தெரிகிறது. உங்கள் எக்ஸெல்லில் 24. ரிப்போர்ட்டின் மேல் மூலையில் எழுதியிருக்கும் அங்கீகரித்த செட்டிங்கில் கூலிங் 12. யாரோ கூலிங்கில் இரண்டு விநாடியைக் குறைத்திருக்கிறார்கள். திரையில் தெரிவது ஒரு ஷாட்டின் நேரம்தான், ஷிப்ட் முழுக்க அப்படி ஓடியதா என்று அது சொல்லாது. அதனால் மெஷின் பக்கத்தில் நின்று மோல்டு மூடும் நொடியிலிருந்து தொடர்ந்து பத்து ஷாட்டுக்கு ஃபோனில் நேரம் எடுத்து பத்தால் வகுங்கள், ஷிப்ட் தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை. மெஷின் சொல்லும் சைக்கிளில் ஆபரேட்டர் கதவைத் திறந்து மூடும் நேரம் சில மாடல்களில் சேராது என்பதால் கையால் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

ஷிப்ட் முழுக்க 22 என்றே வைத்துக்கொள்வோம். 1,060 ஷாட்டுக்கு ஆனது சுமார் 389 நிமிடம். ரிப்போர்ட் ஓடியது 420 என்கிறது. அப்படியானால் 31 நிமிடம் மெஷின் நின்றிருக்கிறது, எழுதப்படவில்லை. எழுதிய 30-ஐயும் சேர்த்தால் ஒரு மணி நேரம். உங்கள் ஃபார்மில் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால்தான் டவுன்டைம் எழுத வேண்டும் என்று விதி இருப்பதைப் பார்த்தேன், அதனால் ஒன்றிரண்டு நிமிட நிறுத்தம் எல்லாம் காற்றோடு போய்விடும்.

ஏன் நின்றிருக்கும்? உங்கள் மூடி பாலிபுரொப்பிலீன். சூடாக இருக்கும்போதே மோல்டிலிருந்து தள்ளினால் தட்டையான மூடி வெளியே வந்து சுருங்கும்போது வளையும், இன்னும் மெத்தென்று இருக்கும் மூடி கோரிலிருந்து சுத்தமாகக் கழன்று விழாமல் மாட்டிக்கொள்ளவும் செய்யும். மாட்டினால் மெஷின் அலாரம் அடித்து நிற்கும், ஆபரேட்டர் கதவைத் திறந்து பித்தளைக் கம்பியால் தட்டி எடுத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் கொடுப்பார். மேஜையில் எண்ணிய 108 ரிஜெக்டில் பாதிக்கு மேல் 'வளைவு' என்று எழுதியிருக்கிறார்கள். மெஷினின் அலாரம் பட்டியலை எடுத்துப் பாருங்கள், எஜெக்டர் அல்லது மோல்டு பாதுகாப்பு அலாரம் எத்தனை முறை வந்தது என்று நேரத்தோடு இருக்கும். அதில் இந்த 31 நிமிடத்தில் பெரும்பகுதி கிடைத்துவிட்டால் என் ஊகம் சரி. கிடைக்காவிட்டால் சைக்கிள் ஷிப்ட் முழுக்க 22 இல்லை, நடுவில்தான் மாற்றியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஜிஎம்முக்குக் காட்ட வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. கூலிங்கைக் குறைக்காமல் 24 விநாடியிலேயே ஓட்டி, எழுதிய 30 நிமிடம் மட்டும் நின்றிருந்தால் 420 நிமிடத்தில் 1,050 ஷாட் வந்திருக்கும். இரண்டு விநாடி குறைத்து ஓட்டி வந்தது 1,060. ஷிப்ட் முழுக்க அவசரப்பட்டதற்குக் கிடைத்தது பத்து ஷாட், நாற்பது மூடி. வளைந்து போன மூடி அதைவிட அதிகம். 24-இல் ஓடினால் சிறு நிறுத்தமே வராது என்று நான் சொல்லவில்லை, கொஞ்சம் வரத்தான் செய்யும். அடுத்தடுத்த இரண்டு நாள் ஒரே ஷிப்ட்டில் 24-இலும் 22-இலும் ஓட்டி, நல்ல மூடி எத்தனை என்று மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரி, ஓஇஇ எவ்வளவு? 24 விநாடியை வைத்தால், மூடிக்கு 6 விநாடி வீதம் 3,972 நல்ல மூடிக்கு 397 நிமிடம், 450-ஆல் வகுத்தால் 88.3. 22-ஐ வைத்தால் மூடிக்கு ஐந்தரை விநாடி, 364 நிமிடம், 80.9. ஒரே ஷிப்ட், சைக்கிள் டைம் மாறினால் ஏழு புள்ளி மாறுகிறது. இதில் எதைப் போடுவது என்பது உங்கள் கையில் இல்லை, குவாலிட்டியும் புராசஸும் சேர்ந்து எந்த சைக்கிளை அங்கீகரித்திருக்கிறார்களோ அதுதான். இன்றைக்கு அங்கீகரித்தது 24 என்பதால் 88.3 போடுங்கள், பக்கத்திலேயே "மெஷின் 22-இல் ஓடியது, அங்கீகாரம் இல்லை" என்று எழுதுங்கள். 22-இல் நல்ல மூடி வருகிறது என்று நிரூபித்து செட்டிங் ஷீட்டை மாற்றினால் அன்றிலிருந்து 22. வேகமாக ஓடியது என்பதற்காக ஸ்டாண்டர்டை அன்றைக்கே குறைப்பதும், மோசமாக ஓடும் மெஷினுக்கு ஸ்டாண்டர்டைத் தளர்த்தி 28 என்று வைத்துக்கொள்வதும் ஓஇஇயை அர்த்தமில்லாமல் ஆக்கிவிடும்.

இந்தக் குறுக்குவழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நல்ல மூடி × அங்கீகரித்த விநாடி ÷ திட்டமிட்ட நேரம். மூன்று சதவீதங்களையும் பெருக்கினால் வருவதும் இதேதான், ஆனால் இதில் டவுன்டைம் உள்ளேயே வராது. சூப்பர்வைசர் டவுன்டைமைக் குறைத்து எழுதினாலும் ஓஇஇ மாறாது, அவைலபிலிட்டி கூடிய அளவு பெர்ஃபார்மன்ஸ் குறைந்துவிடும். அதனால் ஓஇஇயைச் சரிபார்க்க நல்ல மூடி எண்ணிக்கையையும் சைக்கிள் டைமையும் பிடித்தால் போதும்; டவுன்டைம் சரிதானா என்று பார்ப்பது இழப்பு எங்கே என்று தெரிந்துகொள்ள. மெஷின் பராமரிப்புக்கான டிபிஎம் முறையைக் கொண்டுவந்த ஜப்பானின் சீச்சி நகாஜிமா நல்ல ஆலைக்கு 85 சதவீதம் என்று ஓர் அளவு சொன்னார், அவைலபிலிட்டி 90, பெர்ஃபார்மன்ஸ் 95, நாம் ஈல்டு என்று சொன்ன குவாலிட்டி 99. அதை எல்லா மெஷினுக்கும் டார்கெட்டாக ஒட்டிவிடச் சொல்லவில்லை, மோல்டு மாற்றம் அதிகமுள்ள மெஷினுக்கு அது பொருந்தாது. ஆனால் தினமும் 93, 94 என்று வரும் ஒரு மெஷினைப் பார்த்தால் பாராட்டுவதற்கு முன் கவுண்டரைப் பார்க்கலாம்.

எக்ஸெல்லில் இரண்டு வரி சேருங்கள். B2, B3-இல் கவுண்டர் தொடக்கமும் முடிவும், B4-இல் ஓடிய கேவிட்டி, B5 நல்லது, B6 ஸ்டார்ட்-அப் உட்பட ரிஜெக்‌ஷன், B7 சைக்கிள் விநாடி, B8 ஓடிய நிமிடம்.

```
=(B3-B2)*B4-(B5+B6)
=(B3-B2)*B7/60-B8
```

முதல் வரி பூஜ்யம் வர வேண்டும், குவாலிட்டி சாம்பிள் எடுத்திருந்தால் அந்த எண்ணிக்கை மட்டும் மிஞ்சலாம். இரண்டாவது வரி பூஜ்யத்துக்கு மேல் போகக் கூடாது. உங்கள் ஷிப்ட்டுக்கு முதலாவது −80, இரண்டாவது +4. பூஜ்யத்துக்குக் கீழே ரொம்ப இறங்கினாலும், உதாரணமாக −40 என்று வந்தாலும், எழுதாத நிறுத்தம் இருக்கிறது அல்லது சைக்கிள் மெதுவாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஹோல்டு கிளியர் ஆனதற்குத் தனிக் கட்டம் வையுங்கள், அது B5-இல் சேரவே கூடாது. அது எந்த நாளின் உற்பத்தியோ அந்த நாளின் கணக்கில்தான் போக வேண்டும். முந்தைய நாள் ரிப்போர்ட்டில் அந்த 240-ஐ ஏற்கெனவே நல்லதில் காட்டிவிட்டார்களா என்றும் பாருங்கள், காட்டியிருந்தால் ஒரே மூடி இரண்டு முறை ஏறியிருக்கிறது.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். பாலிபுரொப்பிலீன் மோல்டிலிருந்து வந்து ஒரு நாள் வரைகூடக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டிருக்கும். இன்று மேஜையில் தட்டையாக இருந்த மூடி நாளை பேக்கிங்கில் வளைந்து நிற்கலாம். அந்த ரிஜெக்‌ஷனை நாளைய மெஷின் தலையில் கட்டாதீர்கள், பேட்ச் எண்ணைப் பார்த்து இன்றைய தேதியிலேயே சேருங்கள். அதனால் காலை ஒன்பதரைக்குப் போகும் ரிஜெக்‌ஷன் எண் இறுதியானது இல்லை, முந்தைய நாளின் திருத்திய எண்ணுக்கு ஒரு பத்தி ரிப்போர்ட்டிலேயே இருக்கட்டும்.

மூன்று ஷிப்ட்டைச் சேர்க்கும்போது சதவீதங்களைக் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள். 4,000 மூடியில் 2 சதவீதமும் 1,000 மூடியில் 10 சதவீதமும் சேர்ந்தால் 6 அல்ல. 5,000-க்கு 180, அதாவது 3.6.

தினமும் எல்லா மெஷினுக்கும் இவ்வளவு ஆழமாகப் போக நேரம் இருக்காது, தேவையும் இல்லை. இரண்டு வரியும் சரியாக வந்த மெஷின்களை விட்டுவிடுங்கள், ஹோல்டு கிளியர் ஆனவை, பெர்ஃபார்மன்ஸ் 98-க்கு மேல் போனவை, இவற்றோடு ஏதாவது ஒரு மெஷினைச் சீட்டுப் போட்டு எடுத்து கிலோ கணக்கு வரை பாருங்கள். வாரம் ஒருமுறை பழைய தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ரிஜெக்‌ஷன் நாள்தோறும் இரண்டரையை ஒட்டியே நின்றால், டவுன்டைம் எல்லாம் 10, 15, 30 என்றே வந்தால், அவை மெஷின் பக்கத்தில் எழுதியவை அல்ல, ஷிப்ட் முடிவில் மேஜையில் உட்கார்ந்து நிரப்பியவை.

சூப்பர்வைசரிடம் இதைக் கொண்டுபோகும்போது மீட்டிங்கில் வைத்துக் கேட்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது மெஷின் முன்னால் போய் நில்லுங்கள், போகிற சூப்பர்வைசரும் வருகிறவரும் சேர்ந்து கவுண்டரைப் படித்து ஒரே தாளில் கையெழுத்துப் போடட்டும். போகிறவர் எழுதிய முடிவு எண்தான் வருகிறவரின் தொடக்க எண் என்பதால் அதற்குமேல் யாராலும் கூட்டிக் குறைக்க முடியாது. கிரைண்டிங் பார்க்கும் அண்ணனிடம் ஸ்டார்ட்-அப் கோணிக்கு மட்டும் வேறு நிறக் கயிறு கட்டித் தனியாக எடை போடச் சொல்லுங்கள். பீஸை எண்ணவே வேண்டாம்: கிலோவை 18 கிராமால் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும், அதில் ரன்னர் கலந்திருந்தால் ஷாட்டுக்கு 80 கிராம் என்று வகுத்து நான்கால் பெருக்குங்கள்.

ஜிஎம்மிடம் போன வாரத் தாளைத் திருத்திக் கொடுங்கள், பழைய எண்ணை அடித்துவிட்டு எழுதாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து: ரிஜெக்‌ஷன் 2.5 என்றது 6.3, ஓஇஇ 93.6 என்றது 88.3, காரணங்கள் மூன்று, ஹோல்டு 240, ஸ்டார்ட்-அப் 160, கூலிங் 12-லிருந்து 10. அடுத்த ஒன்றிரண்டு வாரத்துக்கு எல்லா மெஷினிலும் ரிஜெக்‌ஷன் திடீரென்று ஏறிய மாதிரி தெரியும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட்-அப் மூடி கணக்குக்குள் வருவதால் அப்படித் தெரியும், அதற்காக ஆபரேட்டரை யாரும் பிடித்துக்கொள்ளக் கூடாது. கூலிங்கை யார் மாற்றினார் என்பதைவிட, யாரைக் கேட்டு மாற்ற வேண்டும் என்று செட்டிங் ஷீட்டில் ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய தாளில் அந்த இடம் காலியாக இருக்கிறது.